ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங் இரண்டாம் பகுதி: இடையில் நிற்காமல் பேச எனக்கு உதவியது

இந்த ஆங்கிலத் தேர்வின் இரண்டாம் பகுதியில், தேர்வாளர் தரும் கார்டில் உள்ள தலைப்பைப் பற்றி இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். கார்டில் இருக்கும் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொன்னால் எனக்கு ஒரு நிமிடத்துக்குள் பேச்சு தீர்ந்துவிடும். பிறகு நீண்ட மௌனம்தான்.

தயாராவதற்குக் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் வாக்கியங்கள் எழுதுவதை விட்டேன். ஒரே ஒரு சம்பவத்தைப் பிடித்து, அது நடந்த வரிசையில் ஒற்றைச் சொற்களாகக் குறித்தேன். 'உங்களுக்குப் பிடித்த பொருள்' என்று வந்தால்: சைக்கிள், அண்ணன், மழை, செயின், தம்பி. அண்ணன் தந்தது, மழையில் செயின் கழன்று தள்ளிக்கொண்டு வந்தது, இப்போது தம்பி ஓட்டுவது. ஆங்கிலத்தில் இறந்தகாலமும் நிகழ்காலமும் தானாகவே வந்துவிடும்.

சொல் கிடைக்காவிட்டால் தேடி நிற்காமல் சுற்றிச் சொல்வேன். 'பெடல்' மறந்தால் 'கால் வைத்து மிதிக்கும் பாகம்'. அடுத்து என்ன சொல்வதென்று வாக்கிய முடிவில் சற்று யோசிப்பது பெரிதாகப் பாதிக்காது. சொல்லைத் தேடி நடுவில் திணறுவதுதான் மதிப்பெண்ணைக் குறைக்கும். இரண்டு நிமிடம் ஆனதும் தேர்வாளரே நிறுத்துவார், அதற்காக மதிப்பெண் குறையாது.