பாயிண்ட் திட்ட அறிவிப்பு: எந்த வரியில் வாடிக்கையாளர் ஏமாறுகிறார்?

திருநெல்வேலியில் ஓர் அல்வாக் கடை பாயிண்ட் திட்டம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட ஒரு கேப்ஷன் வேண்டும். பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "பரிசு மழை! வாங்குங்கள், பாயிண்ட் சேருங்கள், வெல்லுங்கள்! நிபந்தனைகளுக்கு உட்பட்டது." இதைப் படித்தவருக்கு எதுவும் தெரிந்திருக்காது, சந்தேகம் மட்டும் வந்திருக்கும்.

"வெல்லுங்கள்" என்றாலே குலுக்கல் ஞாபகம் வரும். 2003-லேயே லாட்டரிக்குத் தடை போட்ட மாநிலம் இது. போதாக்குறைக்கு, கடை நடத்தும் திட்டம் என்றால் நம் ஊரில் பலருக்கும் முதலில் தோன்றுவது நகைச்சீட்டு. "மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்பார்கள். ஆகவே முதல் வரியிலேயே "பணம் எதுவும் கட்ட வேண்டாம்" என்று எழுதிவிடுவது நல்லது. நீண்ட கேப்ஷனில் முதல் இரண்டு வரிகள்தான் தட்டாமலே கண்ணில் படும். அந்த இடத்தைப் பரிசு மழைக்குக் கொடுப்பது வீண்.

அடுத்தது, பாயிண்டின் விலையைச் சொல்லாமல் விடுவது. "100 ரூபாய்க்கு 1 பாயிண்ட்" என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஒரு பாயிண்ட் ஒரு ரூபாயா, பத்துப் பைசாவா? ஒரு ரூபாய் என்றால், கடை தருவது நூற்றுக்கு ஒரு ரூபாய் தள்ளுபடி. சிறிய தொகைதான், ஆனாலும் வெளிப்படையாகச் சொன்னால் யாரும் கோபப்படமாட்டார்கள். "500 பாயிண்ட் வரை அள்ளுங்கள்" என்று எழுதி, அதற்கு 50,000 ரூபாய்க்கு அல்வா வாங்க வேண்டும் என்பதை மறைத்தால்தான் கவுண்டரில் சண்டை வரும்.

உண்மையான சிக்கல் குறைந்தபட்ச அளவும் காலாவதியும் சேரும் இடத்தில் இருக்கிறது. சென்னையில் குடியிருக்கும் ஒரு குடும்பம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வந்து, ஒவ்வொரு முறையும் 1,000 ரூபாய்க்கு வாங்குகிறது. ஆண்டுக்கு 20 பாயிண்ட். கடையின் விதியோ, 50 பாயிண்ட் சேர்ந்தால்தான் கழிக்கலாம், பாயிண்ட் ஓராண்டுதான் செல்லும் என்கிறது. ஐம்பதை எட்ட இரண்டரை ஆண்டு வேண்டும். அதற்குள் பழைய பாயிண்ட் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே இருக்கும். அந்தக் குடும்பம் எத்தனை ஆண்டு வந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. இரண்டு விதிகளையும் தனித்தனியாகப் பார்த்தால் இது தெரியாது. கேப்ஷன் எழுதுமுன் இப்படிப்பட்ட ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தால் உடனே புரிந்துவிடும். புரிந்தால் திருத்த வேண்டியது விதியை. கேப்ஷனை மெருகேற்றிப் பயனில்லை.

தீபாவளிக்கு மட்டும் வருபவர் நிலை இன்னும் மோசம். ஓராண்டு என்றால் அடுத்த தீபாவளிக்குப் பயன்படும் என்றுதான் அவர் நினைப்பார். ஆனால் 2025 தீபாவளி அக்டோபர் 20; 2026 தீபாவளி நவம்பர் 8. முதல் தீபாவளிக்கு முந்திய நாள் வாங்கியவரின் பாயிண்ட், மறுதீபாவளிக்கு அவர் கடைக்குள் நுழைவதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்பே காலாவதியாகியிருக்கும். பண்டிகையை நம்பிப் பிழைக்கும் கடைக்கு 15 மாதம் வைப்பதே பொருத்தம்.

காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதையும் எழுத வேண்டும். ஒவ்வொரு பில்லின் பாயிண்டுக்கும் தனித் தேதியா, அல்லது புதிதாக ஒரு முறை வாங்கினால் பழையதும் சேர்ந்து நீளுமா? "15 மாதம் செல்லும்" என்பதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். ஓர் உதாரணத் தேதி போட்டால் குழப்பம் தீரும்.

இவ்வளவையும் அடக்கிய கேப்ஷன் இது:

"பணம் எதுவும் கட்ட வேண்டாம், பில் போடும்போது உங்கள் போன் எண்ணைச் சொன்னால் போதும்.
ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 1 பாயிண்ட். 1 பாயிண்ட் = 1 ரூபாய்.
இன்று 1,000 ரூபாய்க்கு வாங்கினால், அடுத்த பில்லில் 10 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். குறைந்தபட்ச அளவு இல்லை.
ஒவ்வொரு பில்லின் பாயிண்டும் அந்த நாளிலிருந்து 15 மாதம் செல்லும். 2026 நவம்பர் 7-ல் சேர்ந்தது 2028 பிப்ரவரி 7 வரை."

640 ரூபாய் பில்லுக்கு 6 பாயிண்டுதான், மீதி 40 ரூபாய் கணக்கில் வராது என்பது போன்ற நுணுக்கங்களைக் கவுண்டரில் ஓர் அட்டையில் ஒட்டிவிடலாம். வரிக்கு முந்திய தொகைக்கா, வரி சேர்ந்த தொகைக்கா பாயிண்ட் என்பதும் அந்த அட்டையில் இருக்கட்டும். கணவர் ஓர் எண்ணும் மனைவி வேறோர் எண்ணும் சொன்னால் பாயிண்ட் இரண்டாகப் பிரிந்துவிடும். ஆகவே "வீட்டுக்கு ஒரே எண்ணைச் சொல்லுங்கள்" என்ற வரியை மட்டும் கேப்ஷனிலேயே சேர்த்துவிடுங்கள்.