பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்தாச்சு: வண்டி இன்சூரன்ஸில் முகவரியும் எண்ணும் மாற்றுவது எப்படி?

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்தவர் ஜூன் மாதம் குடும்பத்தோடு கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கார் கேஏ 51 எண். பாலிசி அடுத்த மார்ச் வரை இருக்கிறது. அவர் செய்ய வேண்டிய வேலை இரண்டு: முகவரி மாற்றம், பதிவு எண் மாற்றம். இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் முடித்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதலாவதை உடனே செய்யலாம், இரண்டாவது சில மாதம் இழுக்கும்.

முதலில் முகவரி. இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆப்பிலோ இணையதளத்திலோ உங்கள் பாலிசியைத் திறந்து, எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் திருத்தம் செய்யும் பகுதியில் முகவரி மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வழி இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் போதும். பாலிசி எண், இப்போதைய வண்டி எண், பழைய முகவரி, புதிய முகவரி, எந்தத் தேதியிலிருந்து இங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை எழுதி, புதிய முகவரி போட்ட ஆதாரையோ வாடகை ஒப்பந்தத்தையோ இணைத்து அனுப்புங்கள். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் அவரிடமும் சொல்லலாம். ஆனால் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்திலும் கொடுங்கள். கம்பெனி எண்டார்ஸ்மென்ட் ஒன்றைத் தரும். பாலிசியோடு சேர்த்து வைக்க வேண்டிய தாள் அது. அதில் எண்டார்ஸ்மென்ட் எண்ணும், எந்தத் தேதியிலிருந்து மாற்றம் செல்லும் என்பதும் இருக்க வேண்டும்.

அடுத்தது ஆர்.டி.ஓ. வேலை. வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புது எண் வாங்கியே ஆக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. கர்நாடகாவில் பதிவான அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி., வாங்க வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் இல்லாமல் இது நகராது. அதனால் வங்கிக்கு முதலிலேயே எழுதிவிடுங்கள். என்.ஓ.சி. வந்ததும் கிருஷ்ணகிரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 27 கொடுத்து, தமிழ்நாட்டு வரி கட்டி, டிஎன் 24 எண் பெறலாம். அங்கே செல்லுபடியாகும் பாலிசியைக் கேட்பார்கள். பழைய எண்ணில் இருக்கிறதே என்று கவலை வேண்டாம், அந்த நேரத்தில் உங்கள் வண்டிக்கு அதுதான் எண். இதற்கு நடுவில் பாலிசி காலாவதியாகிவிட்டால்தான் சிக்கல். மார்ச் நெருங்கினால் பழைய எண்ணிலேயே புதுப்பித்துவிடுங்கள்.

புது ஆர்.சி. கைக்கு வந்ததும் மறுபடியும் கம்பெனிக்கு எழுத வேண்டும். புது ஆர்.சி. நகலை இணைத்து, இந்த மாதிரி இரண்டு வரி போதும்: "மேற்படி பாலிசியில் உள்ள கேஏ 51 பதிவு எண்ணுக்குப் பதிலாக இணைப்பில் உள்ள டிஎன் 24 எண்ணைச் சேர்த்து எண்டார்ஸ்மென்ட் தரவும். சேசிஸ் எண்ணிலும் இன்ஜின் எண்ணிலும் மாற்றம் இல்லை." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பழைய எண்ணும் புது எண்ணும் ஒரே வண்டிதான் என்பதற்குச் சாட்சி அந்த சேசிஸ் எண்தான்.

இங்கே பணம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் காருக்கே ஆகும் சேதத்துக்கான சொந்த சேத பிரீமியத்துக்கு, வண்டி பதிவான ஊரை வைத்து இரண்டு மண்டலம். பெங்களூரு, சென்னை போன்ற எட்டுப் பெருநகரங்கள் ஏ மண்டலம், கிருஷ்ணகிரியும் தருமபுரியும் பி. பி மண்டலத்தில் அடிப்படை விகிதம் சற்றுக் குறைவு. மீதமுள்ள மாதங்களுக்கு வித்தியாசம் திரும்பக் கிடைக்குமா என்று அந்த மின்னஞ்சலிலேயே கேளுங்கள். பெரிய தொகை இருக்காது, ஆனாலும் கேட்பது உங்கள் உரிமை. மூன்றாம் நபர் பிரீமியம் இந்த மண்டலத்தால் மாறாது. நோ கிளைம் போனஸும் அப்படியேதான் இருக்க வேண்டும்.

"ரினியூவல் வரும்போது மாத்திக்கலாம் சார்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இடையில் ஒரு விபத்து நடந்தால் ஆர்.சி.யில் ஒரு எண், பாலிசியில் ஒரு எண் என்று நிற்கும். சேசிஸ் எண்ணை வைத்து அதே வண்டி என்று நிரூபிக்கலாம்தான், ஆனால் அதற்குள் கிளைம் இழுத்தடிக்கும், கார் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ தருமபுரிக்கு வருபவர்களுக்கு வேலை இவ்வளவு இல்லை. மாநிலம் மாறாததால் எண் மாறாது. 30 நாட்களுக்குள் படிவம் 33 மூலம் ஆர்.சி.யில் முகவரி மாற்றி, கம்பெனியிடம் முகவரி எண்டார்ஸ்மென்ட் வாங்கினால் போதும்.

எண்டார்ஸ்மென்ட் வந்ததும் ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்து எண்ணையும் சேசிஸ் எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் இடம் மாறுவது சகஜம். சில நாள் கழித்து mParivahan ஆப்பில் புது எண்ணைப் போட்டு, இன்சூரன்ஸ் தேதி சரியாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் எண்டார்ஸ்மென்ட் எண்ணைக் குறிப்பிட்டு, அரசின் வாகன் தளத்தில் பதிவேற்றச் சொல்லி கம்பெனிக்கு எழுதுங்கள். அது சரியாகும் வரை பாலிசி, எண்டார்ஸ்மென்ட் இரண்டின் நகலும் வண்டியில் இருக்கட்டும்.