இடுப்பு வலிக்குச் செருப்பு மாற்றினால் போதுமா?

ஹீல்ஸ் போட்டால் இடுப்புப் பகுதியில் முதுகெலும்பின் வளைவு கூடும் என்பார்கள். ஆய்வு முடிவுகள் அப்படி ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு வளைவு குறையவும் செய்கிறது. ஆனால் குதிகால் உயர உயர, நிமிர்ந்து நிற்க முதுகுத் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவருக்கு அந்த உழைப்புதான் மாலையில் வலியாகத் தெரியும்.

வாங்கும்போது ஸ்கேலால் அளந்து பாருங்கள். குதிகாலுக்கு அடியில் 7 செ.மீ., முன்பாதத்துக்கு அடியில் 3 செ.மீ. என்றால் பாதத்தின் உண்மையான சரிவு 4 செ.மீ.தான். நின்று வேலை செய்ய 2, 3 செ.மீ. சரிவுக்குள் இருப்பது நல்லது.

அப்புறம் இந்த மெத்து மெத்தென்ற குஷன். கடையில் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே வைக்கும் இன்சோல் முதுகுவலி வராமல் தடுப்பதில்லை என்றே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2007-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. பழைய ஜோடியை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

காலில் மரத்துப்போதல், பலவீனம் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.