“காரை எடுத்துட்டேன் அண்ணே, கன்ட்ரோல் எங்க மாட்டலாம்?”

போன மாதம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியோடு போன் செய்தார்கள். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் காலுக்குப் பதில் கையால் இயக்கும் கன்ட்ரோலைத்தான் கேட்கிறார்கள். மூவருக்கும் கால் பலவீனம், மூவருக்கும் முதல் கார். மூவருமே வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, எலுமிச்சை நசுக்கிய பிறகுதான் என்னைத் தேடியிருக்கிறார்கள். எனக்கு இரண்டு காலிலும் போலியோ. இடுப்புக்குக் கீழே காலைத் தாங்கும் நீள காலிப்பர் போட்டுத்தான் நடமாட்டம். பதினாறு வருடமாகக் கையாலேயே ஓட்டுகிறேன். முதல் காரில் நானும் இவர்களைப் போலத்தான் ஆரம்பித்தேன்.

லைசென்ஸ் எடு, சீட் பெல்ட் போடு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நம்மைப் போன்றவர்கள் கார் வாங்கும்போது செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

காரை வாங்கிவிட்டுக் கன்ட்ரோல் தேடுவது

நம் ஊரில் பெரும்பாலும் மாட்டுவது ஒற்றை லீவர். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பிராக்கெட்டில் நிற்கும். முன்னால் தள்ளினால் பிரேக், நம் பக்கம் இழுத்தால் ஆக்சிலரேட்டர். லீவரிலிருந்து இரண்டு கம்பிகள் இறங்கி, கீழே பெடல்களில் கிளாம்ப் போட்டு இணைந்திருக்கும். பார்க்க எளிமைதான். ஆனால் அந்தக் கம்பிகள் எந்த வழியாக இறங்குகின்றன என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அவை நம் முழங்காலை ஒட்டி இறங்குகின்றன.

கால் நன்றாக இருப்பவர் இடித்தால் காலை நகர்த்திக்கொள்வார். என் கால் நகராது. உட்கார்ந்ததும் முட்டி தானாக ஒரு பக்கம் சாயும், சாய்ந்த இடத்திலேயே கிடக்கும். காலிப்பரின் முட்டி லாக் வேறு இரண்டு பக்கமும் இரும்பாகத் துருத்திக்கொண்டிருக்கும். நான் குள்ளம் என்பதால் சீட்டையும் உயர்த்தி வைத்திருந்தேன். அதனால் தொடைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடமும் போனது.

ஷோரூமில் இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. நிறம் பார்த்தேன், மைலேஜ் கேட்டேன், புக் செய்தேன். வண்டி வந்த பிறகு ஒருவர் கன்ட்ரோல் மாட்டிக்கொடுத்தார். தெருவில் இரண்டு சுற்று ஓட்டினேன், அருமையாக நின்றது. மூன்று வாரம் கழித்து திண்டுக்கல் ரோட்டில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. லீவரை முழு பலத்தோடு தள்ளினேன். முக்கால் தூரம் போய் ‘டக்’ என்று நின்றுவிட்டது. கம்பி காலிப்பர் லாக்கில் முட்டியிருக்கிறது! இடது கையில் ஹேண்ட் பிரேக் கிடைத்ததால் லாரிக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

மெதுவாக ஓட்டும்போது பிரேக் பெடல் பாதிகூட இறங்காது. அதனால்தான் தெருச் சுற்றில் எதுவுமே தெரியவில்லை. கம்பி முழுத் தூரம் போவது அவசர பிரேக்கில் மட்டும்தான். கோளாறு தெரிவதும் அப்போதுதான்.

மாட்டியவரிடம் திரும்பப் போனேன். கம்பியை வளைத்துப் பார்த்தார். பிராக்கெட்டை இரண்டு அங்குலம் உள்ளே தள்ள வேண்டும் என்றார், ஆனால் தள்ள இடமில்லை. அந்த மாடலில் பவர் ஸ்டியரிங் மோட்டார் ஸ்டியரிங் தண்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. சில வண்டிகளில் முட்டிக்கென்று ஏர்பேக் அதே இடத்தில் இருக்கும். அதன் மேல் பிராக்கெட் போடவே கூடாது. கடைசியில் பதினோரு மாத வண்டியை 1,30,000 ரூபாய் நஷ்டத்தில் விற்றேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. ஷோரூமில் இருபது நிமிடம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் மிச்சமாகியிருக்க வேண்டிய பணம் அது.

ஆகவே முதலில் மாட்டுபவரைப் பிடியுங்கள். எந்தெந்த மாடலில் மாட்டியிருக்கிறார், எதில் இடம் போதவில்லை என்று கேளுங்கள். அப்புறம் ஷோரூமுக்குப் போங்கள். தினமும் போடும் அதே காலிப்பர், அதே ஷூவோடு டெமோ காரில் உட்காருங்கள். கையை முன்னால் நீட்டித் தள்ளும்போது முழங்கை கொஞ்சம் மடங்கியே இருக்கும்படி சீட்டை வையுங்கள். கை முழுக்க நீண்டுவிட்டால் தள்ளும் பலம் போய்விடும். அந்த நிலையில் முட்டிக்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து, டேஷ்போர்டுக்கு அடியில் போட்டோ எடுத்து, மாட்டுபவருக்கு அனுப்புங்கள். முடிந்தால் அவரையே கூட்டிப் போங்கள்.

மாட்டிய பிறகு தெருவில் இறக்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு லீவரை நான்கைந்து முறை தள்ளுங்கள். பிரேக்குக்கு பலம் சேர்க்கும் பூஸ்டரில் இருந்த வேக்குவம் தீர்ந்து லீவர் கல்லாகும். இப்போது பலம் உள்ளவரை தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் டார்ச் அடித்து, கம்பி காலிலோ பிளாஸ்டிக்கிலோ தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிடித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் லீவர் இன்னும் கொஞ்சம் இறங்கும். அது பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அந்த இறக்கத்துக்கும் கம்பிக்கு வழி இருக்க வேண்டும். பிறகு காலி மைதானத்தில் 20, 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், நிஜமாகவே ஆடு குறுக்கே வந்த மாதிரி பிரேக் அடித்துப் பாருங்கள்.

ஸ்டியரிங்கை மேலே கீழே சாய்க்கும் வசதி இருந்தால், சாய்வை முடிவு செய்த பிறகே லீவரை மாட்டச் சொல்லுங்கள். ஸ்டியரிங் தண்டில் பிடித்திருக்கும் லீவர் சாய்வோடு சேர்ந்து நகரும், கம்பியின் கணக்கு மாறும். என் வண்டியில் ஸ்டியரிங் சாய்வைப் பூட்டும் லாக்கின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறேன். சர்வீஸ் பையன்கள் கை வைத்தால் தெரிந்துவிடும்.

மலிவு என்று கிளட்ச் வண்டி எடுப்பது

இரண்டு காலும் முடியாதவர் எடுக்காதீர்கள். கியர் குமிழில் கிளட்ச் பிடி வைத்துத் தருவார்கள், ஓட்டவும் முடியும். ஆனால் நெரிசலில் அரை மணி நேரம் போனால் மணிக்கட்டு சொல்லும்.

ஏஎம்டியும் ஆட்டோமேட்டிக்தானே என்று நினைப்பது

பெயருக்கு ஆட்டோமேட்டிக். உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச்தான், அதை ஒரு இயந்திரம் அமுக்குகிறது. நம் லீவரில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒன்றே என்பதால், இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. மேட்டில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டருக்கு இழுக்கும் அந்த ஒரு நொடியில் ஏஎம்டி பின்னால் உருளும். மேட்டில் உருளாமல் வண்டியைப் பிடித்து வைக்கும் ஹில் ஹோல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதோடு விடாமல், டெஸ்ட் டிரைவில் ஒரு பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பணம் முடிந்தால் சிவிடி அல்லது டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் வண்டிக்குப் போங்கள்.

வலது கால் மட்டும் முடியாதவர் லீவர் வாங்குவது

இடது கால் நன்றாக இருந்தால், ஆட்டோமேட்டிக் வண்டியில் ஆக்சிலரேட்டர் பெடலை இடது பக்கம் கொண்டுவந்தாலே போதும்.

ஆர்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

கன்ட்ரோல் மாட்டுவது சட்டப்படி வண்டியில் செய்யும் மாற்றம். ஆர்சியில் ‘அடாப்டட் வெஹிக்கிள்’ என்று ஏறியிருக்க வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் விபத்து கிளெய்மின்போது சர்வேயர் முதலில் கை வைப்பது அந்த லீவரில்தான். சாலை வரி விலக்கு, நெடுஞ்சாலை டோல் விலக்கு எல்லாமே ஆர்சியைப் பார்த்துத்தான். பதிவுக்கு முன்பே மாட்டிவிட முடியுமா என்று டீலரிடமும் ஆர்டிஓ ஆபீஸிலும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பழைய ஜிஎஸ்டி கணக்கு

மாற்றுத்திறனாளிகள் 28 சதவீதத்துக்குப் பதில் 18 என்று சலுகை வாங்கிய காலம் போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு எல்லோருக்குமே 18தான்.

7டி மேட்

காருக்குள் காலடியில் விரிக்கும் இந்த மேட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கிளாம்ப்புக்கு அடியில் சுருண்டு பெடலை முழுக்க இறங்க விடாது.

மாட்டியதோடு மறந்துவிடுவது

பெடல் கிளாம்ப்பின் நட்டுகள் அதிர்வில் தளரும். லீவரைத் தள்ளும்போது பிரேக் பிடிப்பதற்கு முன் ஒரு சின்ன ‘கடக்’ ஆட்டம் தெரிந்தால் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பெடலில் ஓட்டை போட்டோ வெல்டிங் வைத்தோ மாட்டுகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். என் கிளாம்ப்புக்கு 13 நம்பர் ஸ்பேனர். டோர் பாக்கெட்டிலேயே கிடக்கிறது. மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை என் பையன் குனிந்து நான்கு நட்டையும் முறுக்கிவிட்டுத்தான் விளையாடப் போவான்.