உள்நுழைவுப் பக்கத்தில் பாதுகாப்பு எச்சரிக்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி பழகத் தொடங்கியவர்கள், நான் பல ஆண்டுகளுக்கு முன் செய்த அதே பிழையைச் செய்வதை இப்போதும் காண்கிறேன்.

எச்சரிக்கையைத் தாண்டிச் செல்வது

என் பழைய மேசைக் கணினியில், மின் இணைப்பைத் துண்டித்தாலும் கடிகாரத்தை ஓடச் செய்யும் CR2032 நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோயிருந்ததால், காலையில் அதை இயக்கும்போதெல்லாம் தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டும். ஒரு தளம் தான் போலியல்ல என்று காட்டப் பிரவுசருக்கு ஒரு சான்றிதழைத் தருகிறது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. பிரவுசர் அவற்றைக் கணினியின் கடிகாரத்தோடுதான் ஒப்பிடுகிறது. 2009-இல் நிற்கும் கணினிக்கு நேற்று வழங்கிய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே உள்நுழைவுப் பக்கத்தில் `NET::ERR_CERT_DATE_INVALID` என்ற எச்சரிக்கை வரும். நானும் 'மேம்பட்டவை' என்பதை அழுத்தி, 'தொடர்க' என்று போய்க் கடவுச்சொல்லை அடித்துவிடுவேன்.

பிறகு ஒருநாள் வெளியூரில், தேதி சரியாக இருந்த மடிக்கணினியில், பொது வைஃபை வழியாக அதே பக்கத்தைத் திறந்தேன். சிவப்பு எச்சரிக்கை வந்தது. விரல் தானாகவே 'தொடர்க' என்பதற்குப் போனது. அன்று திரையில் இருந்த குறியீடு `NET::ERR_CERT_AUTHORITY_INVALID` என்பதை உள்ளே நுழைந்த பிறகே நினைத்துப் பார்த்தேன். சான்றிதழை வழங்கியவரை நம்ப முடியவில்லை என்பது அதன் பொருள். இடையில் ஒருவர் போலிச் சான்றிதழ் காட்டினாலும் இதுவே வரும். உண்மையில் யாரேனும் இருந்தார்களா என்று இன்றுவரை தெரியாது. அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றினேன். அதே கடவுச்சொல்லை வேறு நான்கு இடங்களில் வைத்திருந்ததால் அவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

எனவே முதலில் குறியீட்டைப் படியுங்கள். `DATE` என்று இருந்தால் ஆண்டு, மாதம், முற்பகலா பிற்பகலா, நேர மண்டலம் ஆகியவற்றைப் பாருங்கள். சான்றிதழின் நேரம் உலகப் பொது நேரத்தில் குறிக்கப்படுவதால், கடிகாரம் சரியாகத் தெரிந்தும் மண்டலம் தவறாக இருந்தால் கணினியின் உண்மைக் கணக்கு சில மணி நேரம் பிசகும். புதிதாக வழங்கிய சான்றிதழில் எச்சரிக்கை வர அதுவே போதும். எல்லாம் சரியாக இருந்தும் அதே எச்சரிக்கை நின்றால், தளத்தின் சான்றிதழே காலாவதியாகியிருக்கலாம். அதைத் தளத்தார்தான் புதுப்பிக்க வேண்டும்.

தேதியை மட்டும் திருத்திவிட்டு விடுவது

மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின் தேதி மீண்டும் பின்னோக்கி ஓடினால், பேட்டரியை மாற்றுங்கள்.

காலாவதியான சான்றிதழுக்காகத் தேதியைப் பின்தள்ளுவது

செய்யாதீர்கள்.

பழைய பிரவுசரை மறந்துவிடுவது

தேதி சரி, பல தளங்களில் `AUTHORITY` பிழை, ஆனால் அதே வைஃபையில் வேறொரு புதிய கருவியில் எல்லாம் திறக்கிறது என்றால், பழைய கருவியிலுள்ள மூலச் சான்றிதழ்ப் பட்டியலே, அதாவது சான்றிதழ் வழங்குவோரில் யாரை நம்பலாம் என்ற பட்டியலே, பழையதாகிவிட்டது எனலாம். 2021 செப்டம்பர் 30 அன்று DST Root CA X3 என்ற மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, அதற்கு அடுத்து வந்த ISRG Root X1-ஐ அறியாத பல பழைய கருவிகள் இப்படித்தான் திணறின. பிரவுசரையும் இயங்குதளத்தையும் புதுப்பியுங்கள். இயங்குதளத்துக்குப் புதுப்பிப்பே வராத கருவியில் ஃபயர்பாக்ஸ் உதவக்கூடும், ஏனெனில் அது தன் பட்டியலைத் தானே கொண்டுவருகிறது. அதன் புதிய பதிப்பும் அக்கருவியில் நிறுவ முடியாவிட்டால், அதில் கடவுச்சொல் எதையும் அடிக்காமல் வேறு கருவியில் உள்நுழையுங்கள்.