வெப்சைட் கட்டும் முன்: பக்கங்களையும் மெனுவையும் தாளிலேயே முடிவு செய்வது எப்படி?

ஏசி, வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் ஒரு சிறு நிறுவனத்தின் வெப்சைட்டுக்கு நான் கடைப்பிடித்த முறை இது. டொமைன், ஹோஸ்டிங் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

முதலில் தீம் தேடாதீர்கள். தீமில் ஆறு பெட்டி இருந்தால் ஆறையும் நிரப்பத்தான் தோன்றும். போனிலும் வாட்ஸ்அப்பிலும் வாடிக்கையாளர்கள் கேட்டதை, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, சீட்டுக்கு ஒன்றாக எழுதுங்கள். "ஏசி கூலிங் வரல", "வந்து பார்க்க எவ்வளவு?", "எங்க ஏரியாவுக்கு வருவீங்களா?", "மறுபடி ரிப்பேர் ஆனா?" இதற்கு ஆப்கள் உண்டு. ஆனால் காகிதச் சீட்டுதான் என் தேர்வு. கிழித்துப் போடத் தயக்கம் வராது.

அடுத்து, எது தனிப் பக்கம்? இதை மட்டும் தேடி ஒருவர் கூகுளில் வருவாரா, இதைப் பற்றிச் சொல்ல நாலைந்து பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் தனிப் பக்கம். ஏசியும் வாஷிங் மெஷினும் அப்படித் தேறின. உத்தரவாதம் தேறவில்லை. கட்டணம் கேட்பவர்தான் அடுத்து அதைக் கேட்கிறார் என்பதால், கட்டணப் பக்கத்திலேயே ஒரு பகுதியாக வைத்தோம்.

```
/                   முகப்பு
/ac-repair          ஏசி ரிப்பேர்
/washing-machine    வாஷிங் மெஷின்
/charges            கட்டணம்
/about              எங்களைப் பற்றி
/contact            தொடர்புக்கு
/privacy            தனியுரிமை
```

முகவரிகளையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பிறகு மாற்றினால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் 301 ரீடைரக்டை ஒவ்வொன்றுக்கும் போட வேண்டிவரும்.

அப்புறம் மெனு. நிறையப் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். பக்கப் பட்டியலை அப்படியே மெனுவாக்கத் தேவையில்லை. தனியுரிமைப் பக்கம் அடிப்பகுதிக்குப் போகட்டும். லோகோவைத் தொட்டால் முகப்பு வரும் என்பதால் அதற்கும் மெனுவில் இடம் வேண்டாம். மிச்சம் ஐந்து. 'சேவைகள்' என்று ஒரு தலைப்பு போட்டு, ஏசியையும் வாஷிங் மெஷினையும் அதற்குள் ஒளிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. போனில் மெனுவைத் திறக்க ஒரு தொடுதல், 'சேவைகள்' விரிய இன்னொன்று, பக்கத்துக்குப் போக மூன்றாவது. ஏசி ஓடாமல் புழுங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பொறுமை இருக்காது.

மெனுவைச் சோதிக்க, தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் அந்த ஐந்து பெயர்களை மட்டும் காட்டி, முதலில் எழுதிய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து, "இதற்கு எதைத் தொடுவீர்கள்?" என்று கேளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். அவர் தயங்கும் இடத்தில் பெயர் சரியில்லை என்று அர்த்தம். எங்கள் சோதனையில் உத்தரவாதக் கேள்விக்குத் தயக்கம் வந்தது. 'கட்டணம்', 'கட்டணமும் உத்தரவாதமும்' ஆனது.

பின்சேர்க்கை: ஒவ்வொரு ஏரியாவுக்கும் தனிப் பக்கம் போடலாமா என்று கமென்ட்டில் கேட்டிருந்தார்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே உரையை நகலெடுக்காதீர்கள். தேடலில் இடம்பிடிக்க மட்டுமே செய்யப்படும் அப்படிப்பட்ட பக்கங்களைக் கூகுள் ஸ்பாமாகக் கருதுகிறது. போகும் ஏரியாக்களைத் தொடர்புப் பக்கத்தில் பட்டியலாகப் போட்டாலே போதும்.