பிரிட்டன் முதியோர் வார்டுக்குப் புதிதா? அமைதியாகப் படுத்திருப்பவரை முதலில் பாருங்கள்

இங்கே முதியோர் வார்டில் சேரும் நம் ஊர் நர்ஸ்களும் டாக்டர்களும், கத்திக்கொண்டு ட்ரிப் லைனைப் பிடுங்குபவரின் டெலிரியத்தை உடனே பிடித்துவிடுவார்கள். தப்பிப்போவது சத்தமே போடாதவர்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 82 வயது அம்மா, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள். சாப்பாட்டைத் தொடவில்லை, கூப்பிட்டால் முனகல், திரும்பத் தூக்கம். ஹேண்ட்ஓவரில் "மனசு சரியில்லை போல, டிமென்ஷியாவும் இருக்கலாம்" என்று போகும். அதை அப்படியே எழுதிவிடாமல் மகளுக்குப் போன் போட்டு, இப்படி எப்போதிலிருந்து என்று மட்டும் கேளுங்கள். விழும்வரை வீட்டுக் கணக்கெல்லாம் அவரே பார்த்தார், நேற்று மாலை என்னிடம் நன்றாகப் பேசினார், இன்று காலை என்னை அடையாளம் தெரியவில்லை என்கிறார் மகள். ஓரிரு நாளில் வந்தது, ஏறி இறங்குகிறது. இது டெலிரியம் என்றே எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம் படுக்கையருகே 4AT என்ற சின்ன டெலிரியம் சோதனை. அதற்கு முன் காது மெஷினும் கண்ணாடியும் போட்டிருக்கிறாரா பாருங்கள். தட்டி எழுப்பியும் விழிப்பு நிற்கவில்லை, அதற்கு 4. வயது, பிறந்த தேதி, இடம் சரியாகச் சொன்னவர் வருடத்தைத் தப்பாகச் சொன்னார், 1. டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் நவம்பரோடு நின்று "என்ன கேட்டீங்க?" என்கிறார், ஏழு மாதம் வரவில்லை, அதனால் 1. திடீர் மாற்றத்துக்கு 4. மொத்தம் 10. நான்கோ மேலோ வந்தாலே டெலிரியம் இருக்கலாம் என்று பொருள்.

மனச்சோர்வு என்றால் கதை வேறு மாதிரி இருக்கும். வாரக்கணக்கில் மெல்ல வந்திருக்கும், விழிப்பு தெளிவாக இருக்கும், "தெரியாது, விடுங்க" என்பவரைப் பொறுமையாகத் தூண்டினால் மெதுவாகவாவது மாதங்களைச் சொல்லிக்கொண்டு போவார். டிமென்ஷியா மாத, வருடக்கணக்கில் வருவது. ஆரம்பக் கட்டத்தில் கவனம் ஓரளவு நிற்கும், சற்று முன் சொன்னதுதான் நினைவில் நிற்காது. லூயி பாடி வகையில் மட்டும் கவனம் ஏறி இறங்கும், இல்லாத உருவங்களும் தெரியும், அங்கே இந்தக் கணக்கு குழம்பும். டிமென்ஷியா உள்ளவருக்கு மேலே டெலிரியமும் வரும் என்பதால், பழைய நோய் என்று ஒதுக்காமல் "வழக்கத்தைவிட மோசமா?" என்று வீட்டாரிடம் கேட்டாக வேண்டும்.

சரி, இந்த அம்மாவுக்கு என்ன காரணம்? வலிக்குக் கொடுத்த கோடீன், அதனால் நான்கு நாள் மலச்சிக்கல், ப்ளாடர் ஸ்கேனில் 700 மில்லி சிறுநீர் தேக்கம். 65 வயதுக்கு மேல் டிப்ஸ்டிக்கை வைத்துச் சிறுநீர்த் தொற்று என்று முடிவு கட்டுவதில்லை என்பதையும் இங்கே பழகிக்கொள்ளுங்கள். காரணத்தைச் சரிசெய்த பிறகும் தெளிவு வர வாரங்கள் ஆகலாம், அதனால் நினைவாற்றல் சோதனையை வார்டிலேயே செய்து டிமென்ஷியா என்று எழுதாமல், பிறகு பார்க்கும்படி டிஸ்சார்ஜ் கடிதத்தில் ஜிபிக்கு எழுதுங்கள்.